பரிசளிப்பு விழாவில் பிரதம அதிதியாகப் பேசப் போகிறவர்களுக்கு

திருகோணமலைப் பாடசாலைகளில் பரிசளிப்பு விழாவுக்கு அரசியல்வாதிகளையும் பெரிய அதிகாரிகளையும் மட்டும் அழைத்த காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. பழைய மாணவர் ஒருவர் தாதிய உத்தியோகத்தராகவோ வங்கி முகாமையாளராகவோ தொழினுட்ப உத்தியோகத்தராகவோ இருந்தால் அவரையே பிரதம அதிதியாகக் கூப்பிடுகிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் இப்படி அழைக்கப்படுகிறவர்களில் பலர் அதுவரை மேடையில் பேசியதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பரிசளிப்பு விழா ஒழுங்குகளில் பல வருடம் நின்றவன் என்ற முறையில், மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேடைப் பழக்கம் இல்லாதவர் செய்யும் பெரிய பிழை தடுமாறுவதல்ல. தடுமாறினால் பிள்ளைகள் மன்னித்துவிடுவார்கள். அதிதிகள் எப்படிப் பேசுவார்கள் என்று கேட்டுக் கேட்டு மனதில் பதிந்த அதே அறிவுரையைத் தாமும் எடுத்து வாசிப்பதுதான் பிழை. ஒழுக்கம், நேரம், கைத்தொலைபேசி, பெற்றோரின் கனவு என்று வரிசையாக வரும். கேட்கிற பிள்ளைக்கு அதில் ஒரு வரிகூடப் புதிதாக இருக்காது.

அழைப்பு வந்தவுடன் அதிபரிடம் கேட்க வேண்டியவை

சம்மதம் சொல்லும்போதே நான்கு விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, நிகழ்ச்சி நிரலில் உங்கள் உரை எங்கே வருகிறது. பாண்ட் வாத்தியத்தோடு அழைத்து வருவது, மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, வரவேற்பு நடனம், அதிபர் அறிக்கை, இடையிடையே கலை நிகழ்ச்சிகள், பரிசு வழங்கல், பிறகு பிரதம அதிதி உரை, நன்றியுரை. பெரும்பாலும் இந்த ஒழுங்குதான். அதாவது எல்லாரும் களைத்த பிறகு உங்கள் முறை வருகிறது. எத்தனை பரிசு என்றும் கேளுங்கள். 180 பரிசு என்றால், பெயர் வாசித்து, பிள்ளை படியேறி வந்து, படம் எடுத்து இறங்கப் பிள்ளைக்கு 15 வினாடி வைத்தாலும் 45 நிமிடம் போய்விடும். கச்சான் காற்று வீசுகிற ஆடி மாதத்தில், தகரக் கூரை மண்டபத்தில், பாரதியார் வேடம் போட்ட சின்னப் பிள்ளை ஒட்டுமீசையோடு வியர்த்துக்கொண்டு முன்வரிசையில் இருக்கும். உரையைப் பரிசு வழங்கலுக்கு முன்னால் வைக்க முடியுமா என்று அதிபரிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பல அதிபர்கள் சம்மதிப்பார்கள். பரிசு வாங்கிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் பாதியில் எழும்பிப் போவது அவர்களுக்கும் தலையிடிதான்.

இரண்டாவது, எவ்வளவு நேரம். அவர் "உங்கள் விருப்பம் சேர்" என்பார். அதை நம்பாதீர்கள். ஏழு நிமிடம் போதும். நிதானமாகப் பேசினால் ஏழு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 650 சொற்கள், கையால் எழுதினால் நான்கு பக்கம்.

மூன்றாவது, மேடையில் யார் யாரைப் பெயர் சொல்லி விளிக்க வேண்டும். இது நம் ஊரில் நுட்பமான விடயம். ஒருவரை விட்டால் மனக்குறை வரும், பதினான்கு பேரைச் சொன்னால் இரண்டு நிமிடம் போய்விடும். வரவேற்புரை செய்கிறவர் எல்லாரையும் ஏற்கனவே சொல்லியிருப்பார். ஆகவே மதகுருமார், அதிபர், வலயக் கல்விப் பணிப்பாளர் வந்திருந்தால் அவர், அதற்குப் பிறகு "மேடையில் இருக்கும் பெரியோர்களே, ஆசிரியர்களே, பெற்றோரே, பிள்ளைகளே" என்று முடிக்கலாம். உயர்தர மாணவர் இருக்கிற சபையில் "குழந்தைகளே" என்று விளிக்க வேண்டாம். மீசை முளைத்த பையன்கள் அந்த ஒரு சொல்லோடேயே காதை மூடிக்கொள்வார்கள்.

நான்காவதுதான் முக்கியமானது: பரிசுப் பட்டியலின் ஒரு பிரதி. அது அச்சுக்குப் போகும் முன்பே பாடசாலையில் தயாராக இருக்கும். தரம் 5 புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் இவற்றின் பெயர்களை எல்லாரும் சொல்வார்கள், அதிபர் அறிக்கையிலேயே வரும். நீங்கள் பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். முழுநாள் வரவு, வலைப்பந்து, நூலக உதவியாளர், சுகாதாரக் கழகம் என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். உங்கள் உரைக்குத் தேவையான ஒரு வரி அங்கேதான் கிடைக்கும். பிள்ளையின் பெயரைச் சபையில் சொல்ல நினைத்தால், அந்தப் பிள்ளையிடம் முதலிலேயே கேட்டு அனுமதி வாங்கித் தரும்படி வகுப்பாசிரியரைக் கேளுங்கள். கூச்சப்படுகிற பிள்ளைக்கு ஐந்நூறு பேர் திரும்பிப் பார்ப்பது பாராட்டாக இருக்காது.

என்ன பேசுவது: ஒரேயொரு சம்பவம்

ஏழு நிமிடத்துக்குள் ஒரு சம்பவம்தான் அடங்கும். அது உங்கள் வாழ்க்கையில் நடந்ததாக, அந்தப் பாடசாலையோடோ ஊரோடோ சேர்ந்ததாக, நீங்கள் ஏதோ ஒன்றைச் செய்யத் தெரியாமல் இருந்து பிறகு தெரிந்துகொண்டதாக இருக்க வேண்டும். இந்த மூன்றாவதைப் பலர் விட்டுவிட்டுக் கஷ்டத்தை மட்டும் சொல்வார்கள். "நாங்கள் குப்பிலாம்பில் படித்தோம், உங்களுக்கு எல்லா வசதியும் இருக்கிறது" என்றால் அது கதை அல்ல, குற்றச்சாட்டு. கிண்ணியாப் பக்கத்து அதிதிகள் பாதை என்ற மிதவைப் படகில் ஏறித் துறையைக் கடந்து படித்ததைச் சொல்வார்கள். பாலம் திறந்தது 2009 இல். இன்று பாடசாலையில் இருக்கிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிறந்தது அதற்குப் பிறகு. பாதைக்குக் காத்து நின்றது கஷ்டம் என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு அதில் பிடிக்க ஒன்றும் இல்லை. காத்திருந்த நேரத்தில் பெரிய வகுப்பு அண்ணா ஒருவர் பூகோளப் படம் கீறச் சொல்லித் தந்தார் என்றால் அது வேறு. அப்போது பிள்ளைக்கு ஒரு ஆளும் ஒரு செயலும் கிடைக்கின்றன.

ஒரு உதாரணத்தை முழுதாகச் செய்து பார்ப்போம். நிலாவெளிப் பக்கத்துப் பாடசாலையின் பழைய மாணவி, இப்போது ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்ட்டில் தாதிய உத்தியோகத்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் எழுதிய வரைவு இப்படித்தான் இருக்கும்:

"கல்வியே அழியாத செல்வம். நீங்கள் நேரத்தை வீணாக்கக் கூடாது. கைத்தொலைபேசிக்கு அடிமையாகக் கூடாது. விடாமுயற்சியோடு படித்து வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் வர வேண்டும். உங்களுக்காகக் கஷ்டப்படும் பெற்றோரின் கனவை நிறைவேற்ற வேண்டும்."

இந்த வரைவைத் திருத்த எளிய வழி உண்டு. சிவப்புப் பேனையை எடுத்து "வேண்டும்", "கூடாது", "-உங்கள்", "-ஆதீர்கள்" என்று முடிகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் வெட்டுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் உரை. மேலே உள்ளதில் ஒரு வாக்கியம்தான் மிஞ்சும், அதுவும் எல்லாருக்கும் தெரிந்தது. வெட்டிய ஒவ்வொரு வரிக்கும் "இதை நான் எப்போது, யாரிடம் கற்றேன்?" என்று உங்களையே கேட்டு, அந்தப் பதிலை அங்கே எழுதுங்கள். "விடாமுயற்சி" என்ற இடத்தில் நம் தாதிக்கு இப்படி ஒரு பதில் கிடைக்கலாம்:

"சாதாரண தரத்தில் நான் கணிதத்தில் சித்தியடையவில்லை. பெறுபேறு வந்த பின்னேரம் வாசலுக்கே வரவில்லை. அடுத்த கிழமை கணித ரீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். என்னுடைய பயிற்சிக் கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். 'உனக்குப் பின்னம் விளங்கவில்லை. மற்றக் கணக்கெல்லாம் அங்கேதான் பிழைக்கிறது' என்றார். ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கச் சொன்னார். அது என் தங்கச்சியின் புத்தகம். வெட்கமாக இருந்தது. அவள் நித்திரையான பிறகுதான் எடுத்துப் படிப்பேன். மறுமுறை சோதனை எழுதிச் சித்தியடைந்தேன். பெரிய புள்ளி இல்லை, சாதாரண சித்திதான்.

இப்போது வார்ட்டில் ஒரு பிள்ளைக்கு 75 மில்லிகிராம் மருந்து கொடுக்கச் சொல்லி வைத்தியர் எழுதுவார். போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 125 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். நான் எத்தனை மில்லிலீற்றர் எடுக்க வேண்டும்?"

இந்த இடத்தில் அவர் பேச்சை நிறுத்திவிட்டுச் சபையைப் பார்க்க வேண்டும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணினால் போதும். எங்கிருந்தாவது ஒரு குரல் "மூன்று" என்னும். அனேகமாக அது பரிசுப் பட்டியலில் இல்லாத ஒரு பையனின் குரலாக இருக்கும். "சரி. மூன்றுதான். 125 இல் 75, ஐந்தில் மூன்று பங்கு. பின்னம் தெரியாமல் அந்த மருந்தை நான் எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். "ஆகவே மாணவர்களே, இதிலிருந்து நாம் கற்பது" என்று தொடங்கும் வாக்கியத்தை மட்டும் சேர்க்க வேண்டாம். கதை விளங்கிய பிள்ளைக்கு அது தேவையில்லை. விளங்காத பிள்ளைக்கும் அதனால் விளங்கப் போவதில்லை.

இந்தக் கதை இன்னொரு வேலையையும் செய்கிறது. பரிசளிப்பு விழா மண்டபத்தில் பரிசு வாங்காத பிள்ளைகள்தான் அதிகம். அவர்களை நினைத்து நல்ல மனதோடு பல அதிதிகள் "பரிசு கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம், அடுத்த முறை நீங்களும் வாங்கலாம்" என்பார்கள். அதைக் கேட்டதும் பக்கத்தில் இருக்கிற நண்பன் முழங்கையால் இடித்துச் சிரிப்பான். ஆறுதல் சொல்லும்போதே அவர்களை வேறாகப் பிரித்துவிடுகிறோம். மேடையில் மாலையோடு நிற்கிற ஒருவர் தான் கணிதத்தில் தவறியதை, எங்கே தவறினார், எப்படித் திருத்தினார் என்ற விபரத்தோடு சொன்னால், யாரையும் சுட்டாமலே அது போய்ச் சேரும். விபரம் இல்லாமல் "நானும் தோற்றவன்தான்" என்று மட்டும் சொன்னால் சேராது.

பாராட்டை எதன் மேல் வைப்பது

"இங்கே இருப்பவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள்" என்பது இலகுவாக வாயில் வரும் வரி. இதில் ஒரு சிக்கல் உண்டு. 1998 இல் அமெரிக்காவில் கிளோடியா முல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்த ஆய்வுகளை வெளியிட்டார்கள். ஒரு புதிர்த் தொகுதியைச் செய்த பிறகு சிலரிடம் "நீ கெட்டிக்காரன்" என்ற வகையிலும், வேறு சிலரிடம் "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்ற வகையிலும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிரில் எல்லாரும் தடுமாறினார்கள். கெட்டிக்காரன் என்று கேட்ட பிள்ளைகள் சீக்கிரம் சோர்ந்தார்கள், அதற்குப் பிறகு கொடுத்த இலகுவான புதிர்களையும் முன்னைவிட மோசமாகச் செய்தார்கள். முயற்சியைப் பாராட்டக் கேட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். ஒரு வரி ஒரு பிள்ளையின் வாழ்க்கையை மாற்றிவிடும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இந்தத் துறையில் பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே அளவு விளைவைக் காட்டவும் இல்லை. ஆனால் தரம் 5 புலமைப்பரிசில் புள்ளியை வைத்துப் பத்து வயதுப் பிள்ளையை அளக்கிற நம் ஊரில், மேடையில் எதைப் பாராட்டுகிறோம் என்று ஒருமுறை யோசிக்க அது போதும்.

நடைமுறையில் இதன் பொருள், பிள்ளை செய்த ஒரு செயலைச் சொல்வது. நம் தாதி பரிசுப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருந்து எடுத்தது இது: "முழுநாள் வரவுக்குப் பரிசு வாங்கப் போகிற ஒரு பிள்ளை இறக்கக்கண்டியில் இருந்து பஸ்ஸில் வருகிறார் என்று அதிபர் சொன்னார். மாரி காலத்தில் அந்த றோட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியும் ஒரு நாள்கூட விடாமல் வந்திருக்கிறார்." இதற்கு மேல் ஒன்றும் சேர்க்கத் தேவையில்லை. "இவரைப் போல எல்லாரும் வர வேண்டும்" என்று சொன்னால் பாராட்டு அந்த இடத்திலேயே கெட்டுப் போகும். காய்ச்சலில் வராமல் நின்ற பிள்ளைகள் குற்றவாளிகளாகிவிடுவார்கள்.

நோகச் செய்யும் வரிகள்

நல்ல எண்ணத்தோடு சொல்லப்படுவதால் இவற்றைக் கவனிப்பது கடினம். "அப்பாவைப் போல வெயிலில் காயாமல், கடலுக்குப் போகாமல் படித்து முன்னேறுங்கள்" என்ற வரியை மீன்பிடிக் கிராமப் பாடசாலைகளில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த அப்பா விடிய வலையை இழுத்துவிட்டு, குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு மூன்றாம் வரிசையில் இருக்கிறார். பிள்ளையின் முன்னால் அவருடைய தொழிலைத் தாழ்த்திவிட்டு அந்தப் பிள்ளைக்கு ஊக்கம் கொடுக்க முடியாது. எனக்கு இதில் கோபமே வரும்.

அதேபோல, "காலையில் எழுப்பித் தேத்தண்ணி போட்டுத் தருகிற அம்மாவை நினையுங்கள்" என்ற உருக்கமான பகுதி. அம்மா மத்திய கிழக்கில் வேலை செய்கிற பிள்ளைகளும், தாயோ தந்தையோ இல்லாமல் அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளைகளும் நம் பாடசாலைகளில் எத்தனையோ பேர். "வீட்டில் உங்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள்" என்றால் எல்லாரும் அதற்குள் வந்துவிடுவார்கள்.

வைத்தியர், பொறியியலாளர் என்ற இரட்டையையும் விடலாம். கலைப்பிரிவு, தொழிற்பிரிவு மாணவர்கள் அதே மண்டபத்தில்தான் இருக்கிறார்கள்.

வாசித்துப் பழகுவதும் மேடையும்

எழுதியதை வீட்டில் எழுந்து நின்று சத்தமாக வாசித்து, கைத்தொலைபேசியில் நேரம் பாருங்கள். இருந்து வாசித்தால் வேகமாகப் போகும், கணக்குப் பிழைக்கும். வீட்டில் பாடசாலைப் பிள்ளை இருந்தால் அதன் முன்னால் வாசியுங்கள். பிள்ளை எந்த இடத்தில் வேறு பக்கம் பார்க்கிறதோ அந்த இடத்தில் அறிவுரை ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள். மேடைக்கு முழுக் காகிதத்தையும் கொண்டுபோகலாம், அதில் வெட்கம் இல்லை. ஆனால் கதைப் பகுதியை மட்டும் பார்க்காமல் சொல்லுங்கள். அது உங்களுக்கு நடந்தது, மறக்காது.

ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் பின்வரிசையைப் பாருங்கள். அங்கே தலைகள் முன்னே சாய்ந்தால் கேட்கவில்லை என்று அர்த்தம். முற்றத்தில் பந்தல் போட்டு நடந்தால் காற்று ஒலிவாங்கியில் இரையும். கொஞ்சம் மெதுவாக, சொற்களை விட்டுவிட்டுப் பேசுங்கள்.

பரிசு கொடுப்பதும் உங்கள் பேச்சின் ஒரு பகுதிதான். 180 பிள்ளைகளில் அனேகருக்கு உங்களோடு நேரே கிடைக்கிற நேரம் அந்தச் சில வினாடிதான். இரண்டு கையாலும் கொடுத்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லுங்கள். அறிவிப்பாளர் சற்று முன்புதான் வாசித்திருப்பார். படப்பிடிப்பாளரைப் பார்ப்பது அதற்குப் பிறகு. ஆண் அதிதிகள் மாணவிகளிடம் கைகுலுக்கக் கையை நீட்ட வேண்டாம், கிண்ணியா, மூதூர்ப் பாடசாலைகளில் குறிப்பாக. பரிசைக் கொடுத்து ஒரு புன்னகை போதும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் குனிந்து கொடுங்கள், மேடை விளிம்பு அவர்களுக்குப் பின்னால் இருக்கும்.

நேரம் போய்விட்டால்

நடனம் தாமதித்து, அதிபர் அறிக்கை நீண்டு, உங்கள் முறை வரும்போது ஒரு மணி தாண்டியிருக்கலாம். இதை முதலிலேயே எதிர்பார்த்து, காகிதத்தில் மூன்று நிமிட உரையை ஓரத்தில் கோடிட்டு வைத்திருங்கள். நம் தாதியின் உரையில் விளிப்பும், ரீச்சர் கொப்பியைப் புரட்டியதும், மருந்துக் கணக்கும் நிற்கும். பாடசாலை நினைவுகளும் நன்றி சொல்கிற பந்தியும் போகும். முழுநாள் வரவுப் பிள்ளையைப் பற்றிய வரிகளை வெட்ட வேண்டாம். தன்னைப் பற்றிச் சொல்லப் போகிறீர்கள் என்று அந்தப் பிள்ளைக்கு முன்பே தெரிந்திருந்தால், அது காத்துக்கொண்டிருக்கும்.